21 நாள் கீமோ சைக்கிள்: தேதிகளை எப்படிக் குறித்து வைப்பது?

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, பயாப்ஸி முடிவையும் பார்த்த பிறகு டாக்டர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “எட்டு சைக்கிள் கீமோ. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரிப். ரெண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ரெஸ்ட்.” கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்து உட்கார்ந்ததும்தான் சந்தேகங்கள் வரிசையாக வரும். ரெஸ்ட் வாரம் அந்த மூன்று வாரத்துக்குள்ளா, வெளியிலா? மாத்திரையை எந்த வேளையில் நிறுத்துவது? ஒரு கீமோ தள்ளிப்போனால் மற்றதெல்லாம் என்ன ஆகும்?

கேப்சிடபைன் மாத்திரையும் ஆக்சாலிபிளாட்டின் ட்ரிப்பும் சேர்ந்த சிகிச்சையை வைத்து இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இதை ‘காபாக்ஸ்’ என்பார்கள், சிலர் ‘ஸெலாக்ஸ்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். வேறு மருந்து என்றால் நாள்கணக்கு வேறாக இருக்கலாம். மருந்தின் அளவையும், போடலாமா வேண்டாமா என்பதையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். இங்கே பார்க்கப்போவது தேதிக் கணக்கை மட்டும்.

முதலில், 21 என்பது எதை எல்லாம் சேர்த்து?

ட்ரிப் ஏற்றும் நாள்தான் முதல் நாள். அன்றிலிருந்து இரண்டு வாரம் மாத்திரை, அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. 14-ம் 7-ம் சேர்ந்துதான் 21. ஓய்வு வாரம் இந்த 21 நாளுக்குள்ளேயே அடங்கியது. 21 நாள் முடிந்த பிறகு தனியாக ஒரு வாரம் ரெஸ்ட் என்று எடுத்துக்கொண்டு, நான்கு வாரத்துக்கு ஒரு தேதியாகக் குறித்து வைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு வாரம் கூடினால் எட்டு சைக்கிளில் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

அடுத்த கீமோ 22-ம் நாள். அதாவது அதே கிழமை. முதல் ட்ரிப் புதன்கிழமை என்றால் எட்டும் புதன்கிழமைதான். நீங்கள் எழுதிய பட்டியலில் நடுவில் வியாழனோ செவ்வாயோ வந்தால், எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது. விரல்விட்டு எண்ணும்போது முதல் நாளை விட்டுவிடுவதும், இரண்டு தடவை எண்ணுவதும் சகஜம். அதனால் எண்ணவே வேண்டாம். அதே கிழமையில் மூன்று வாரம் தாண்டிப் பாருங்கள், போதும்.

ஏன் இந்த ஒரு வார இடைவெளி? மருந்து புற்றுநோய் செல்லோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையையும் அடக்கிவைக்கிறது. அதனால் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்கும். வாய், குடலின் உள்தோலும் புண்படும். இவையெல்லாம் திரும்ப ஏறிவர நாள் வேண்டும். அடுத்த கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் டாக்டர் பார்ப்பதும் முக்கியமாக இதைத்தான். ஆகவே ‘இந்தத் தடவை நல்லாத்தானே இருக்கு, ரெண்டு நாள் முன்னாடியே போட்டுக்கலாமா’ என்று கேட்டால் பொதுவாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் பின்னால் போவதை டாக்டர் சில சமயம் அனுமதிப்பார். முன்னால் வருவது அபூர்வம்.

தொடங்கும் கிழமையை யோசித்துக் கேளுங்கள்

எல்லாத் தேதியும் முதல் தேதியிலிருந்து கிளைப்பதால், அதைக் குறிக்கும்போதே கொஞ்சம் யோசிப்பது நல்லது. கமலா என்று ஒரு அம்மாவை வைத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 26, புதன்கிழமை ஆபரேஷன். எட்டு சைக்கிள். ஆபரேஷனுக்குப் பிறகான இந்தக் கீமோவை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பரவலான நடைமுறை. ஆறு வாரம் என்றால் 2026 ஜனவரி 7. எட்டு வாரம் என்றால் ஜனவரி 21.

வீட்டில் எல்லாருக்கும் தோன்றுவது, “பொங்கல் கழிச்சு ஆரம்பிக்கலாமே” என்பதுதான். பொங்கல் 15-ம் தேதி. அதைக் கழித்துத் தொடங்கினால் 21-க்கு வந்துவிடும். எட்டு வார எல்லையின் விளிம்பு அது. அந்த வாரம் பார்த்து ஒரு காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் சரியில்லை என்றாலோ எல்லை தாண்டிவிடும். அதனால் பொங்கலுக்கு முந்தைய வாரம் என்று முடிவாகிறது. இப்போது கிழமை.

ஜனவரி 5, திங்கள் என்று வைத்தால் இரண்டாவது கீமோ ஜனவரி 26-ல் விழுகிறது. குடியரசு தினம், டே கேர் வார்டு மூடியிருக்கலாம். 6-ம் தேதி செவ்வாய் என்றால், ட்ரிப் 27-ல் வந்தாலும் அதற்கு முந்தைய நாள் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை அதே 26-ல் மாட்டுகிறது. 7-ம் தேதி புதன் என்றால் ரத்தம் செவ்வாய், ட்ரிப் புதன், இரண்டும் வேலைநாள். பொதுவாகவே திங்கள்கிழமை ட்ரிப் என்றால் ரத்தம் ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டிவரும். வெள்ளிக்கிழமை ட்ரிப் என்றால், வாந்தியோ மயக்கமோ அதிகமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாள் சனி, ஞாயிறில் போகும். போன் செய்தால் எடுக்க உங்கள் டாக்டர் இருக்க மாட்டார். வாரத்தின் நடுவில் வைப்பது இதனால்தான் வசதி. ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்று பாட்டி ஒருத்தி நடுவில் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் ஆமாம் போட்டுவிடலாம்.

உங்கள் டாக்டருக்கு ஓ.பி. நாள் எது, டே கேரில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பதையும் கேளுங்கள். வார்டு நர்ஸ்தான் இதைச் சரியாகச் சொல்வார்.

எட்டா, நாலா?

காலண்டரில் எழுதுமுன் எத்தனை சைக்கிள் என்பதை வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில், மறுபடி வரும் அபாயம் குறைவாக உள்ளவர்களுக்கு மூன்று மாதமே, அதாவது நாலு சைக்கிளே, கொடுப்பது 2018-க்குப் பிறகு வழக்கத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. அபாயம் கூடியவர்களுக்கு எட்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு நாலு, நமக்கு எட்டு என்றால் யாரோ தப்பு செய்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

எட்டு சைக்கிள் என்றால் மொத்தம் 168 நாள், சரியாக 24 வாரம். ஆனால் முதல் ட்ரிப்புக்கும் எட்டாவது ட்ரிப்புக்கும் நடுவே இருப்பது ஏழு இடைவெளிதான், 147 நாள். ஆபீஸில் லீவு கேட்கும்போது கடைசி ட்ரிப் தேதியைச் சொல்லாதீர்கள். அதோடு மூன்று வாரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

காகிதத்தில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை

கமலா அம்மாவின் ட்ரிப் தேதிகள், எல்லாம் 2026-ல், எல்லாம் புதன்: ஜனவரி 7, ஜனவரி 28, பிப்ரவரி 18, மார்ச் 11, ஏப்ரல் 1, ஏப்ரல் 22, மே 13, ஜூன் 3. கடைசி சைக்கிள் முடிவது ஜூன் 23.

சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் முதல் தேதியை மட்டும் பேனாவில் எழுதுங்கள். மற்ற ஏழும் பென்சிலில். இது முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது. வீட்டில் யாருக்காவது எக்செல் அல்லது கூகுள் ஷீட் பழக்கம் இருந்தால் இன்னும் சுலபம். முதல் வரிசை தலைப்பு. A2-ல் முதல் ட்ரிப் தேதி. அப்புறம் இவை:

```
B2: =A2+14
C2: =A2+20
A3: =A2+21
```

B என்பது கடைசி வேளை மாத்திரை நாள், C என்பது அடுத்த கீமோவுக்கான ரத்தப் பரிசோதனை நாள். B2, C2 இரண்டையும் ஒன்பதாவது வரிசை வரை இழுத்துவிடுங்கள். A3-ஐயும் A9 வரை. எட்டு சைக்கிளும் தயார்.

மாத்திரையை எந்த வேளையில் நிறுத்துவது

B-யில் ஏன் 14-ஐக் கூட்டினோம் என்று கேட்கலாம். 14 நாள், நாளுக்கு இரண்டு வேளை, ஆக 28 வேளை. ட்ரிப் முடிந்து வீடு திரும்பவே மதியம் தாண்டிவிடும் என்பதால், பல இடங்களில் மாத்திரையை அன்று ராத்திரி தொடங்கச் சொல்கிறார்கள். அப்படித் தொடங்கினால் 28-வது வேளை 15-ம் நாள் காலையில் வரும். கமலா அம்மாவுக்கு ஜனவரி 7 ராத்திரி தொடங்கி, ஜனவரி 21 காலையோடு நிறுத்த வேண்டும். 21-ம் தேதி ராத்திரியிலிருந்து 27 வரை மாத்திரை கிடையாது. உங்கள் டாக்டர் முதல் நாள் காலையிலேயே தொடங்கச் சொன்னால் 14-ம் நாள் ராத்திரியோடு நிறுத்த வேண்டும். அப்போது ஷீட்டில் 14-க்குப் பதில் 13. எதுவானாலும் மாத்திரை டப்பா மேல் மார்க்கரில் எழுதிவிடுங்கள்: ‘7 ராத்திரி முதல் 21 காலை வரை’.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று என்று வைத்தால், 28 வேளைக்கு 84 மாத்திரை. பத்து மாத்திரை அட்டையாக வாங்கினால் ஒன்பது அட்டை; 14 நாள் முடிந்த பிறகும் ஆறு மாத்திரை அட்டையில் மிச்சமிருக்கும். ஆன்டிபயாடிக்கை ‘கோர்ஸை முடி’ என்று கேட்டுப் பழகிய நமக்கு, மிச்சத்தைப் பார்த்ததும் கை அரிக்கும். முடிக்கக் கூடாது. மாத்திரை தீர்ந்ததா என்பது கணக்கே இல்லை, தேதிதான் கணக்கு. மிச்சத்தை அடுத்த சைக்கிளுக்கு எடுத்துவைத்து, மெடிக்கலில் அத்தனை குறைத்து வாங்குங்கள். ரொம்ப விலை கொடுத்து வாங்குவதை ஏன் குப்பையில் போட வேண்டும்?

ஒரு வேளை மறந்துபோனாலும் இதே விதிதான். அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக் கூடாது, ஓய்வு வாரத்துக்குள் இழுத்துச் சென்று ஈடுகட்டவும் கூடாது. போனது போனதுதான். வயிற்றுப்போக்கு அதிகமாகி நடுவில் நிறுத்தச் சொன்னாலும் அப்படியே: பத்தாம் நாள் நிறுத்தி, பன்னிரண்டாம் நாள் டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால், 15-ம் நாள் காலையோடுதான் முடிக்க வேண்டும். விட்டுப்போன இரண்டு நாளைப் பின்னால் சேர்க்க முடியாது. வழக்கத்தைவிட நாளுக்கு நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால், அல்லது ராத்திரியில் எழுந்து போக வேண்டிவந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். அடுத்த ட்ரிப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலும் அப்படியே, எந்தக் கிழமை எந்த நேரமானாலும். அது ஓய்வு வாரமாக இருந்தாலும் சரி.

இந்த மாத்திரையைச் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே மாத்திரை நாள்களில் அமாவாசை, வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் ஒத்துவராது. இருந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஓய்வு வாரத்தில் வருகிற நாளைப் பார்த்து, டாக்டரையும் கேட்டுவிட்டு இருக்கலாம்.

மூன்று வாரமும் ஒரே மாதிரி இருக்காது

வெளியூர், விசேஷம், பாங்க் வேலை எதையும் திட்டமிடுமுன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் நாலைந்து நாள் ஆக்சாலிபிளாட்டினின் நாள்கள். குளிர்ச்சி பட்டால் விரலும் தொண்டையும் சுரீரென்று குத்தும். பிரிட்ஜிலிருந்து தயிர்ப் பாத்திரத்தை எடுப்பது, விடியற்காலை டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது, குளிர்ந்த தண்ணீரை மடக்கென்று குடிப்பது எல்லாமே உறுத்தும். ட்ரிப் முடிந்து திரும்பும்போது காரில் ஏ.சி. வேண்டாம். ஜனவரியில் தொடங்குபவர்கள் முதல் வாரத்துக்கு ஒரு ஜோடி சாக்ஸும் வெந்நீர் பிளாஸ்க்கும் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாரம் மாத்திரையின் வாரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிவது, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வாரக் கடைசியில்தான் தலைதூக்கும். சிலருக்கு அது ஓய்வு வாரத்தின் முதல் ஓரிரு நாள் வரை நீளும். ஓய்வு வாரம் என்றதும் முதல் நாளே பஸ் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிம்மதியாக இருப்பது 17-ம் நாளிலிருந்து 20 வரை. 21-ம் நாள் ரத்தம் கொடுக்கப் போய்விடும். ஆக ஒரு சைக்கிளில் கைக்கு வருவது நாலு நாள். புதன்கிழமைக்காரர்களுக்கு அது வெள்ளி முதல் திங்கள் வரை.

கமலா அம்மாவின் அண்ணன் மகளுக்கு மே 10, ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கல்யாணம். ஆறாவது கீமோ ஏப்ரல் 22 என்றால் மே 10 என்பது 19-ம் நாள். கச்சிதமாக அந்த நாலு நாளுக்குள் விழுகிறது. டிக்கெட் போட்டுவிடலாம் என்று தோன்றும். கேன்சல் செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள்.

தள்ளிப்போகும், அப்போது என்ன செய்வது

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. நாலாவது கீமோவுக்கான ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் 68,000 என்று வருகிறது. பொதுவாக 75,000-க்குக் குறைந்தாலும், வெள்ளணுவில் நியூட்ரோபில் 1,500-க்குக் குறைந்தாலும் ட்ரிப் போட மாட்டார்கள். சில டாக்டர்கள் பிளேட்லெட்டுக்கு ஒரு லட்சம் வரை எதிர்பார்ப்பார்கள். கமலா அம்மாவிடம், “ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா, மறுபடி பார்த்துட்டுப் போடலாம்” என்கிறார் டாக்டர்.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ட்ரிப் தள்ளினால் மாத்திரையும் தள்ளும். காலண்டரில் 11-ம் தேதி என்று இருக்கிறதே என்று வீட்டில் மாத்திரையை மட்டும் தொடங்கிவிடக் கூடாது. இறங்கிக் கிடக்கிற ரத்த எண்ணிக்கையை அது இன்னும் இறக்கும். இரண்டாவது குழப்பம், ஒரு வாரம் போய்விட்டதால் மற்ற தேதிகளைப் பழையபடி பிடிக்க வேண்டும் என்று நினைப்பது. அப்படிப் பிடித்தால் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இரண்டு வாரமே இருக்கும். ஓய்வு வாரமே காணாமல் போய்விடும். மூன்றாவது, தள்ளியதால் ஒரு சைக்கிள் கழிந்துவிட்டது என்று எண்ணுவது. எண்ணிக்கை எட்டு, எட்டுதான். டாக்டர் குறைத்தால் ஒழிய குறையாது.

செய்ய வேண்டியது ஒன்றே. ட்ரிப் உண்மையில் ஏறிய நாளைப் புதிய முதல் நாளாக வைத்து அங்கிருந்து மறுபடி எண்ண வேண்டும். மார்ச் 17-ல் பிளேட்லெட் ஏறியிருந்து, மார்ச் 18-ல் நாலாவது ட்ரிப் போட்டால், ஷீட்டில் A5-ல் இருக்கும் சூத்திரத்தை அழித்து அந்தத் தேதியைத் தட்டுங்கள். கீழே உள்ளதெல்லாம் தானே மாறும்: ஏப்ரல் 8, ஏப்ரல் 29, மே 20, ஜூன் 10. காலண்டர்காரர்கள் பென்சிலை அழித்து எழுதலாம். கடைசி மாத்திரை ஜூன் 24 காலை, சைக்கிள் முடிவது ஜூன் 30.

இப்போது மே 10 கல்யாணத்தைப் பாருங்கள். ஆறாவது கீமோ ஏப்ரல் 29 என்றால் அன்று 12-ம் நாள். மாத்திரை நடந்துகொண்டிருக்கும், காலில் எரிச்சல் இருக்கலாம். போகவே முடியாது என்றில்லை. மாத்திரையைக் கைப்பையில் வைத்து, மெத்தென்ற செருப்பும் பந்தியில் காரம் குறைவான சாப்பாடும் பார்த்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு வரலாம். இல்லையென்றால் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேட்கலாம். தேதி நெருங்கிய பிறகு கேட்டால் அவருக்கும் வழி இருக்காது. நான் பார்த்தவரை முதல் இரண்டு மூன்று சைக்கிளின் தேதிகளை ஓரளவு நம்பலாம். ஐந்துக்குப் பிறகு வரும் எந்தத் தேதிக்கும் ஒரு வாரம் முன்பின் இடம் விட்டே பேச்சுக் கொடுங்கள்.

இன்னொன்றும் நடக்கலாம். நாள் போகப்போக விரல் மரத்துப்போவது கூடினால், டாக்டர் ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடரச் சொல்வார். ட்ரிப் இல்லையே என்று முதல் நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள். 14 நாள், 7 நாள் அப்படியே ஓடும். ரத்தப் பரிசோதனையும் அதே இடத்தில் வரும். ஆஸ்பத்திரியில் யாரும் கட்டிலில் படுக்க வைக்காததால் தேதியை மறப்பது இந்தக் கட்டத்தில்தான் அதிகம்.

காப்பீட்டில் பார்ப்பவர்கள், ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், தேதி தள்ளியதை அந்த கவுண்டரிலும் சொல்ல வேண்டும்.

எட்டாவது முடிந்த பிறகு காலண்டரில் மிச்சம்

கடைசி ஓய்வு வாரத்துக்குப் பின்னால் ட்ரிப் இல்லை என்பதால் பலர் ஜூன் 24-லேயே காலண்டரைச் சுருட்டிவிடுகிறார்கள். ஜூன் 30 வரை காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பழையபடியே கவனிக்க வேண்டும். மருந்து உடம்பில் செய்கிற வேலை கடைசி மாத்திரையோடு நின்றுவிடாது. அடுத்த செக்கப் எப்போது, அதற்கு எந்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எப்போது என்று எட்டாவது ட்ரிப் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். கொலோனோஸ்கோப்பி வழக்கமாக ஆபரேஷன் நடந்து ஓராண்டில். கமலா அம்மாவுக்கு அது 2026 நவம்பர் வாக்கில் வரும்.

நெஞ்சில் போர்ட் வைத்திருந்தால், அதை இதுவரை ஒவ்வொரு ட்ரிப்பின்போதும் நர்ஸே மருந்து விட்டுக் கழுவிவிட்டிருப்பார். இனி அந்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், எப்போது எடுத்துவிடுவார்கள் என்று கேட்டு, அந்தத் தேதிகளையும் அதே ஷீட்டில் பத்தாவது வரிசையிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.